எந்த 2011?

கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 26,00,880 என்று ஒரு கட்டுரை சொல்கிறது. இன்னொன்று 26,05,914 என்கிறது. இரண்டின் அடிக்குறிப்பும் ஒன்றுதான்: ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2011’. இருவருமே எண்ணைப் பிழையின்றிப் படியெடுத்திருக்கிறார்கள். முதலாவது, 2011-இல் வெளியான தற்காலிக மொத்தம். களப்பணியாளர்கள் கையால் கூட்டித் தந்த சுருக்கத் தாள்களிலிருந்து அவசரமாகத் திரட்டியது. இரண்டாவது, வீடுவீடாக நிரப்பிய படிவங்களைக் கணினியில் ஏற்றிய பிறகு வந்த இறுதி எண்.

வித்தியாசம் 5,034 பேர்தானே என்று விட்டுவிடலாம். தமிழ்நாட்டின் மொத்தமும் 7,21,38,958-இலிருந்து 7,21,47,030 ஆகத்தான் மாறியது. 8,072 பேர் கூடுதல். ஆனால் அதே திருத்தத்தில் சென்னை 46,81,087-இலிருந்து 46,46,732-க்கு இறங்கிவிட்டது. முப்பத்து நான்காயிரத்துக்கும் மேல் குறைவு. மாநில அளவில் திருத்தம் அற்பமாகத் தெரிவதை வைத்து மாவட்ட எண்களும் அப்படித்தான் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒரே கட்டுரையில் கடலூருக்குத் தற்காலிக எண்ணும் சென்னைக்கு இறுதி எண்ணும் கலந்துவிட்டால், அட்டவணை எண் இல்லாத அடிக்குறிப்பை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதைவிடச் சிக்கலானது பின்னோக்கிப் போகும்போது வருகிறது. 1991-இல் பண்ருட்டியும் நெய்வேலியும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. கடலூர் தனி மாவட்டமானது 1993 செப்டம்பர் 30-இல். ஆகவே 1991 தொகுதிகளைப் புரட்டினால் கிடைப்பது தென்னார்க்காடு, விழுப்புரமும் அதற்குள்தான். ஆனாலும் ‘1991-இல் கடலூர் மாவட்டம்’ என்று எண் தருபவர் கற்பனை செய்யவில்லை. பிற்காலக் கணக்கெடுப்புகளின் ஏ-2 அட்டவணை, 1901 முதலான பத்தாண்டு மாற்றங்களை இன்றைய எல்லைக்கு ஏற்பத் திருத்திக் கொடுக்கிறது. அதிலிருந்து எடுத்த எண்ணுக்கு ‘கணக்கெடுப்பு, 1991’ என்று ஆதாரம் கொடுத்தால், சரிபார்க்கப் போகிறவர் தவறான நூலைத் திறந்து, எண் அங்கே இல்லை என்று திரும்புவார். எண் எந்த ஆண்டைப் பற்றியது என்பது ஒன்று; அதை நாம் பார்த்த நூல் எந்த ஆண்டினுடையது என்பது வேறு. இரண்டையும் எழுத வேண்டும். எல்லை திருத்தப்பட்ட எண் என்றால் அதையும் சேர்த்து.

மூன்றாவது சிக்கல் நம் ஊருக்கே உரியது. பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியையும் ஒரே வரைபடத்தில் நிறுத்தும் கட்டுரைகள் நம் மேசைக்கு வந்தபடியே இருக்கின்றன. இரண்டிலும் ‘2010-11’ என்றே இருக்கும். நிலக்கரிப் புள்ளிவிவரங்களில் அது 2010 ஏப்ரல் முதல் 2011 மார்ச் வரையான நிதியாண்டு. பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவ, பயிர் அறிக்கையிலோ பசலி 1420. 2010 ஜூலையில் தொடங்கி 2011 ஜூனில் முடிவது. மூன்று மாத விலகல் நிலக்கரிக்குப் பெரிதல்ல, ஆண்டு முழுக்க வெட்டுகிறார்கள். முந்திரி கோடையில் கொட்டை உதிர்வது. 2010 ஏப்ரல், மே மாத அறுவடை நிதியாண்டுக் கணக்கில் 2010-11, பசலிக் கணக்கில் 2009-10. ஏற்றுமதிப் புள்ளிவிவரம் நிதியாண்டில் வருவதால் அதை விளைச்சலோடு ஒப்பிடுகிறவர்கள் ஒரு பருவத்தையே தவறவிடக்கூடும். பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் தொடக்க ஆண்டு கிடைக்கும். கர்ணத்தின் காலத்துப் பழக்கம் என்று ஒதுக்காமல் அடிக்குறிப்பில் அந்த எண்ணையும் போடுங்கள்.

இடப்பெயரிலும் இதே கதை. பண்ருட்டி என்பது நகராட்சி, ஊராட்சி ஒன்றியம், வட்டம் என்ற மூன்று வேறு பரப்புகள். அட்டவணையின் வரிசையில் எது இருந்ததோ அதையே எழுத வேண்டும்.

பக்க எண் பற்றிச் சுருக்கமாக. பிடிஎஃப் கோப்பில் திரை காட்டும் எண்ணும் தாளில் அச்சான எண்ணும் முன்னுரைப் பக்கங்களின் அளவுக்கு விலகி நிற்கும். அச்சான எண்ணையே தருக. அது இல்லாத கோப்பாக இருந்தால் ‘கோப்புப் பக்கம்’ என்று குறிக்கவும். அட்டவணை எண்ணோடு தலைப்பையும் எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு: ஆண்டறிக்கைகளில் அத்தியாயம் ஒன்று கூடினால் அட்டவணை எண்கள் நகர்ந்துவிடும், தலைப்பு பெரும்பாலும் நகராது. அட்டவணையின் அடியில் ‘தற்காலிகம்’ என்றோ நட்சத்திரக் குறியோ இருந்தால் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துவரக் கூடாது.

அடுத்த இதழிலிருந்து, நூலின் பெயர், வெளியிட்ட துறை, வெளியான ஆண்டு, எண் குறிக்கும் காலம், அட்டவணை எண்ணும் தலைப்பும், அச்சுப் பக்கம் ஆகியவை இல்லாத புள்ளிவிவரம் வந்தால் கட்டுரையாளருக்கே திருப்பி அனுப்புவோம். வேறொருவரின் கட்டுரையில் பார்த்து எடுத்த எண் என்றால் அந்தக் கட்டுரையையே ஆதாரமாகக் காட்டலாம். நாம் பார்க்காத அரசு அறிக்கையைக் காட்டுவதைவிட அது மேல்.