பாட்டியிடம் எந்த மொழியில் கொஞ்சுவது?

"அம்மா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பாப்போம்."

குளுவாங்கில் தாத்தா வீட்டுக்கு வரும் உறவினர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். பாட்டி அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பதில் வராது. கேட்டவர் சிரித்துவிட்டு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "சுத்தமா ஞாபகம் இல்ல போல" என்பார். பாட்டிக்குக் காது நன்றாகவே கேட்கும். அது அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

மறதிநோய் வந்தவரிடம் அன்பு காட்டுவதாக நினைத்துக்கொண்டு நாம் பரீட்சை வைக்கிறோம். அதையும் அவருடைய மொழியில் வைப்பதில்லை. என் சண்டை இதோடுதான். தமிழ், தமிழ் என்று உருகும் நம்மோடும் கொஞ்சம் சண்டை இருக்கிறது.

என் பாட்டியின் தாய்மொழி தமிழ் இல்லை. அவர் பேராக்கின் பாகான் டத்தோ பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில், ஸ்ரீகாகுளத்திலிருந்து வந்த தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் தாத்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஜொகூர் ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். லயத்தில் எல்லாரும் தமிழ். மாமியார் வீட்டில் தெலுங்கு பேசினால் "என்ன கொல்ட்டி பாஷ" என்று சிரிப்பு. ஆறே மாதத்தில் தமிழ் பேசப் பழகிவிட்டார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டினார், ஐந்து பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார். நான் ஸ்கூடாயில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்து முடிக்கும்வரை, பாட்டி தெலுங்கு என்பது எனக்கு வெறும் தகவல்தான். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு "இன்ட்டிக்கி வெள்தாம்" என்றார். வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். அவர் நின்றதே வீட்டு வாசலில்தான். தாத்தாவுக்கு அர்த்தம் புரிந்தது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே வாழ்ந்த மனைவியிடம் அவள் மொழியில் இரண்டு வார்த்தை பேச அவரால் முடியவில்லை.

டாக்டரிடம் போனோம். எந்த கிளினிக் என்பது முக்கியமில்லை. அட்டையில் பங்சா என்ற கட்டத்தில் 'இந்தியா' என்று எழுதினார்கள். மொழிக்குக் கட்டம் இல்லை. ஞாபகப் பரிசோதனை மலாயில் நடந்தது, நடுநடுவே நான் தமிழில் சொன்னேன். இன்று என்ன கிழமை, மூன்று பொருளைச் சொல்கிறேன் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். உலகம் முழுக்கப் பயன்படும் இந்த வகைப் பரிசோதனைகளில் ஒன்று 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் என்பவரும் உடன் இருவரும் வெளியிட்டது. கேள்விகளை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பள்ளிக்கூடம் போனவரா, எந்த மொழியில் எண்ணிப் பழகியவர் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். பாட்டிக்கு மதிப்பெண் மிகக் குறைவு. நோய் இருந்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் இருந்தது நோயின் அளவு மட்டும்தானா, அவர் மலாயின் அளவும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

இந்த இடத்தில் நம் ஆட்கள் ஒரு கதை சொல்வார்கள். "கடைசியில தாய்மொழிதான் மிஞ்சும், மத்ததெல்லாம் போயிடும்." கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் உண்மை. 1999இல் மரியோ மெண்டெஸ் குழுவினர் அமெரிக்காவில் இரண்டு மொழி பேசும் 51 மறதிநோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பின்னால் கற்ற ஆங்கிலத்தைவிட முதல் மொழியையே விரும்பினார்கள், ஆங்கிலம் பேசும்போதும் முதல் மொழி வார்த்தைகள் நுழைந்தன. ஆனால் 2012இல் கத்தலானும் ஸ்பானியமும் சின்ன வயதிலிருந்தே சரளமாகப் பேசுபவர்களிடம் நடந்த ஆய்வில் இரண்டு மொழியும் சேர்ந்தாற்போலத் தேய்வதைக் கண்டார்கள். எப்போது கற்றோம், எவ்வளவு பேசினோம் என்பதைப் பொறுத்த விஷயம் இது. பாட்டியிடம் தமிழ் இன்னும் இருக்கிறது. காலையில் தமிழ், களைத்த சாயங்காலத்தில் தெலுங்கு. எதிரில் நிற்பவருக்கு எந்த மொழி புரியும் என்று தேர்ந்தெடுக்கும் பிடிதான் முதலில் நழுவுகிறது. நாம் அதைப் பார்த்துவிட்டு "உளறுறாங்க" என்கிறோம். அவர் உளறவில்லை. முழு வாக்கியம் பேசுகிறார். நமக்குத்தான் புரியவில்லை.

தாத்தா என்ன செய்தார் என்று சொல்கிறேன். பாகான் டத்தோவில் இருக்கும் பாட்டியின் தங்கைக்குப் போன் போட்டார். ஒரு நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பதினைந்து வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கினார். ரா தல்லி: வாம்மா. தின்னாவா: சாப்பிட்டியா. நீள்ளு வெச்சகா உன்னாயி: தண்ணி வெதுவெதுப்பா இருக்கு. நேனுன்னானு: நான் இருக்கேன். அப்புறம் பங்காரம். தங்கம் என்று அர்த்தம்.

என் அப்பாவுக்கு வெட்கம். "இந்த வயசுல இதெல்லாம் தேவையாப்பா?" என்றார். நியாயம்தான். தாத்தா பாட்டியை "இந்தா", "ஏ புள்ள" என்று கூப்பிட்டுத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். பாட்டி அவரைப் பேர் சொன்னதே இல்லை. அந்தத் தலைமுறைக்குக் கொஞ்சல் என்பது குழந்தைக்கு மட்டும். புருஷன் பெண்டாட்டிக்குள் சோற்றுத் தட்டில் வைக்கும் மீன் துண்டுதான் பேசும். அதை நாம் கதைகளில் எழுதி எழுதிப் பெருமைப்பட்டுவிட்டோம். மௌனமான அன்பு, சொல்லாத காதல் என்று. சொல்லாமல் விட்டதற்கு இப்படி ஒரு விலை இருக்கிறது என்று எழுதவில்லை. மீனை யார் வைத்தது என்பது மறந்துபோகும் நாளில் கையில் ஒரு வார்த்தைகூட இருக்காது.

குளிக்க வைப்பதுதான் தினசரிப் போர். வீட்டு வேலைக்கு இருக்கும் அக்கா இந்தோனேசியர், நல்லவர். கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், பாட்டி தள்ளிவிடுவார், ஒருமுறை கடித்தும்விட்டார். இப்போது தாத்தா பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. முன்னால் போய், ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டியின் கண் மட்டத்துக்கு வந்து, முதலில் கையைத் தொடுகிறார். "ரா தல்லி." ஒரே வாக்கியம். பிறகு மனசுக்குள் பத்து எண்ணுகிறார். அந்தப் பத்துதான் கஷ்டம். நாமாக இருந்தால் மூன்றிலேயே அடுத்த கேள்வியைப் போட்டிருப்போம், பாட்டி முதல் வாக்கியத்தைப் பிடிப்பதற்குள் இரண்டாவது வந்து அதைக் கலைத்திருக்கும். எழுந்துவிட்டால், தண்ணீரைத் தலையில் ஊற்றாமல் கையில், காலில் ஊற்றிக் காட்டுகிறார். "நீள்ளு வெச்சகா உன்னாயி." வாரத்தில் நாலைந்து நாள் வேலை செய்கிறது. மற்ற நாளில் விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைக்கிறார்கள். ஒரு வாரம் எந்த வார்த்தையும் எடுபடவில்லை, இரண்டே நாளில் ஆளே மாறிவிட்டார், பகலெல்லாம் தூக்கம். சிறுநீர்த் தொற்று. அப்படித் திடீரென்று மாறினால் கொஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது, டாக்டரிடம் ஓட வேண்டும்.

கொஞ்சலிலும் ஒரு கோளாறு இருக்கிறது. ஒரு தாதி பாட்டியைப் பார்த்துக் கைதட்டி, குரலை உயர்த்தி, "ஐயோ செல்லக்குட்டி, சமத்து!" என்றார். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். 2009இல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழு, முதியோர் இல்லங்களில் மறதிநோய் உள்ள 20 பேரைப் படம் பிடித்து ஆராய்ந்தது. ஊழியர்கள் இப்படிக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசும்போது அவர்கள் முரண்டு பிடிக்கும் வாய்ப்பு 0.55. பெரியவர்களிடம் பேசுவதுபோல இயல்பாகப் பேசும்போது 0.26. அப்படியென்றால் தாத்தாவின் பங்காரம் மட்டும் ஏன் எடுபடுகிறது? அவர் குரலை மாற்றுவதில்லை. சந்தையில் விலை கேட்பதுபோல அதே கரகரத்த குரலில் சொல்கிறார். வார்த்தைதான் அவள் குழந்தையாக இருந்த காலத்தது. அவர் அவளைக் குழந்தையாக்குவதில்லை.

அதைவிட முக்கியமானது ஒன்று. தமிழில் ப ஒரே எழுத்துதான், வார்த்தையின் முதலில் வந்தால் 'பல்' என்பதில் வருவதுபோலத்தான் நமக்கு வாய் போகும். தாத்தாவும் தாளைப் பார்த்து அப்படியே படித்தார். பாட்டி சிரித்தார். 'பஸ்' என்பதில் வருவதுபோல அழுத்தி, "பங்காரம்" என்று திருத்தினார். தாத்தா மறுபடி தப்பாகச் சொன்னார், பாட்டி மறுபடி திருத்தினார். கிழமை தெரியாத, பிள்ளை பேர் தெரியாத மனுஷி அந்த ஐந்து நிமிஷம் வாத்தியார். நாங்கள் எல்லாரும் வருஷக்கணக்கில் அவருக்குத் தெரியாததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். தெரிந்ததைக் கேட்டவர் தாத்தா ஒருவர்தான்.

இனி நம் விஷயம். இந்த நாட்டில் தெலுங்குப் பள்ளிகள் இருந்தன, ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்தப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கு வந்தார்கள். மலையாளிப் பிள்ளைகள் பலரும் வந்தார்கள். எண்ணிக்கை காட்ட அவர்கள் நமக்கு வேண்டும். அவர்கள் வீட்டு மொழி நமக்குக் கேலி. மலாயும் ஆங்கிலமும் தமிழை விழுங்குகிறது என்று மேடையில் அழும் நாம், லயத்துக்குள் இன்னொரு மொழியை விழுங்கியதைப் பேசுவதே இல்லை. "கொல்ட்டி" என்று சிரித்த குடும்பம் என்னுடையது, அதனால் இதை வெளியே நின்று சொல்லவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள். சின்ன வயதில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், பயந்து அழுதால் என்ன சொல்வார்கள், எந்த மொழியில் எண்ணுவீர்கள். பதினைந்து வாக்கியம் போதும். யார் எப்படிச் சொன்னார் என்பதைக் குரலாகவே போனில் பதிந்து வையுங்கள், தமிழ் எழுத்தை நம்பினால் தாத்தா கதைதான். கிளினிக்கில் கட்டம் இல்லாவிட்டாலும் அட்டையில் மொழியை எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.

போன மாதம் பாட்டி தாத்தாவைப் பார்த்து "நான்னா" என்றார். அப்பா என்று அர்த்தம். அத்தை அழுதுவிட்டார். "இல்லம்மா, அது அப்பா இல்ல, உங்க வீட்டுக்காரர்" என்று திருத்தப் போனவரைத் தாத்தா கையமர்த்தினார். ஆமாம் நான்தான் உன் அப்பா என்று பொய்யும் சொல்லவில்லை. தாளில் இருந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னார்.

"நேனுன்னானு."

பாட்டி கேட்டை விட்டுக் கையை எடுத்தார்.