டெலிவரி ரைடரின் ஒரு நாள்: 22-வது ஆர்டருக்கு எத்தனை மணி நேரம் தேவை?

நீங்கள் பெங்களூருவில் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இரவு 9.40-க்கு ஆபீஸ் முடிந்து வந்து சாப்பாடு ஆர்டர் போடுகிறீர்கள். அதைக் கொண்டுவருபவர் அன்று காலை எட்டரைக்கே ஆப்பில் லாகின் செய்திருப்பார். 'லஞ்ச் மூணு மணி நேரம், டின்னர் நாலு மணி நேரம் ஓட்டினா போதாதா, எதுக்கு நாள் முழுக்க ரோட்டுல?' என்று பலரும் கேட்பதுண்டு. போதாது. ஏன் என்பதை ஒரு நாளின் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

இதில் வரும் தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. நகரம், கம்பெனி, வாரம் என்று எல்லாவற்றுக்கும் ரேட் மாறும். ஆனால் கணக்கின் அமைப்பு பெரிதாக மாறாது.

நம் ரைடர் சொந்த ஸ்கூட்டர் வைத்திருக்கிறார், அதற்கு இஎம்ஐ கட்டுகிறார். மாதம் 26 நாள் வேலை. வீட்டுக்குக் கொடுக்க மாதம் 18,000 ரூபாய் வேண்டும், அதாவது நாளுக்குச் சுமார் 700. ஓர் ஆர்டருக்குச் சராசரியாக 45 ரூபாய். அதற்கு மேல் இன்சென்டிவ்: 12 ஆர்டர் முடித்தால் 100 ரூபாய், 22 முடித்தால் அதுவே 310 ஆகிவிடும். ஓர் ஆர்டருக்கு ஓட்டலுக்குப் போவது, டெலிவரி, திரும்பி வருவது எல்லாம் சேர்த்து 5 கிலோமீட்டர்.

பீக் நேரத்தில் மட்டும் ஓட்டினால் என்ன ஆகும்? மதியம் 12 முதல் 3 வரை ஆறு ஆர்டர், இரவு 7 முதல் 11 வரை ஒன்பது. மொத்தம் 15. வரவு 675, இன்சென்டிவ் 100, ஆக 775 ரூபாய். வீட்டிலிருந்து போய்வருவதையும் சேர்த்து 85 கிலோமீட்டர். டிராஃபிக்கில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய் என்றால் 219 போய்விடும். வண்டித் தேய்மானத்துக்குக் கிலோமீட்டருக்கு 60 பைசா வீதம் 51. இஎம்ஐ 100, டீ, சாப்பாடு 100, மொபைல் டேட்டா 20. கையில் நிற்பது 285 ரூபாய்தான்.

22 ஆர்டர் என்றால் வரவு 990, இன்சென்டிவ் 310, ஆக 1,300. ஓட்டம் 120 கிலோமீட்டராகும், செலவு சுமார் 600. மிச்சம் 700. ஏழு ஆர்டர்தான் கூடுதல், கைக்கு வருவது இரண்டரை மடங்கு. காரணம் எளிது: இஎம்ஐ, சாப்பாடு, டேட்டா எல்லாம் நீங்கள் ஓர் ஆர்டர் எடுத்தாலும் அதே செலவுதான். முதல் பதினைந்து ஆர்டரில் கணிசமான பகுதி அதை அடைக்கவே போய்விடுகிறது. இன்சென்டிவும் கடைசி ஆர்டரில்தான் எகிறுகிறது.

அந்த ஏழு ஆர்டர் பீக் நேரத்தில் கிடைக்காது. ஓய்வு நேரத்திலிருந்துதான் வெட்டி எடுக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதில்தான் நல்ல ஷெட்யூலும் மோசமான ஷெட்யூலும் பிரிகின்றன.

பல புது ரைடர்கள் மதியம் 12-க்கு ஆரம்பித்து இரவு 11 வரை ஒரே மூச்சில் ஓட்டுவார்கள். இதில் 3 முதல் 7 வரை ஆர்டர் மணிக்கு ஒன்றுதான் வரும். நாலு மணி நேரம் வெயிலில் நின்றும் நாள் 19-ல் முடியும், 22 எட்டாது. பதினொரு மணி நேரம் இடைவெளியே இல்லை. டின்னர் பீக் வரும்போது உடம்பில் தெம்பும் இருக்காது.

என் கணக்கில் இதைவிடக் காலை டிபன் நேரம் மேல். 8.30 முதல் 10.30 வரை இட்லி, தோசை ஆர்டர் மூன்று. அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் லாக்-அவுட், வயிறாரச் சாப்பாடு, ஏனென்றால் லஞ்ச் பீக்கில் சாப்பிட நேரம் கிடையாது. 12 முதல் 3 வரை ஆறு. 3 முதல் 5 வரை முழு ஓய்வு. 5 முதல் 7 வரை ஸ்நாக்ஸ் நேரத்தில் நாலு, 7 முதல் 11 வரை ஒன்பது. மொத்தம் 22. இதிலும் ரோட்டில் பதினொரு மணி நேரம்தான், ஆனால் நடுவில் இரண்டு முறை உடம்பு இறங்குகிறது. விலை என்ன என்றால், வீட்டைவிட்டுக் கிளம்பித் திரும்பப் பதினைந்து மணி நேரம். இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஏழரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரத் தூக்கம். அதற்குக் கீழே போகும் ஷெட்யூல் ஒரு வாரம்கூடத் தாங்காது.

அந்த 3 முதல் 5 எங்கே கழியும் என்பது இன்னொரு கேள்வி. வீடு பக்கத்தில் என்றால் சரி. இல்லாவிட்டால் மரத்தடியில் ஸ்கூட்டர் சீட்தான் கட்டில். சென்னை மாநகராட்சி 2025-ல் டெலிவரி ஊழியர்களுக்கென்றே ஏசி ஓய்வறை திறந்தது இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.

இந்தத் திட்டம் பெரும்பாலும் உடையும் இடம் இரவு 9.30. ரைடர் அப்போது தன் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். பீக்கில் ஓர் ஆர்டருக்கு 25 நிமிடம் என்றால், மீதி ஒன்றரை மணி நேரத்தில் மூன்றுதான் முடியும். 19-ல் இருந்தால் நிதானமாகவே 22 வரும். 18 என்றால் 11.10 ஆகும், இழுபறி. 17 அல்லது அதற்குக் கீழே என்றால் அன்றைய இன்சென்டிவை மறந்துவிட்டு வழக்கமான வேகத்தில் ஓட்டுவதே லாபம். 21-ல் நிற்பவருக்கு அந்த ஓர் ஆர்டரின் மதிப்பு 45 அல்ல, 255 ரூபாய். ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒன்வேயில் எதிரே வரும் பைக்கைத் திட்டும்போது இந்த எண்ணையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி விஷயத்துக்கு வருவோம். நாளுக்கு 120 என்றால் மாதம் 3,120 கிலோமீட்டர். தினமும் 20 கிலோமீட்டர் ஆபீஸ் போய்வருபவர் ஐந்து மாதத்துக்கும் மேலாக ஓட்டுவதை இவர் ஒரே மாதத்தில் முடிக்கிறார். ஆகவே மாதக் கணக்கில் சர்வீஸ் பார்த்தால் ஏமாந்துபோவார். மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். 3,000-க்கு ஒருமுறை ஆயில் மாற்றம் என்றால் அது மாதாமாதம். காற்று வாரம் ஒருமுறை, காலையில் டயர் சூடாவதற்கு முன். பல ஸ்கூட்டர்களில் பின் பிரேக் டிரம் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அது எதிரே உள்ள கோட்டைத் தொட்டால் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் டிரைவ் பெல்ட்டைச் சந்தேகிக்கலாம். அது டின்னர் பீக்கில் அறுந்தால் அன்றைய இன்சென்டிவும் சேர்ந்து அறுந்துபோகும். இதையெல்லாம் பார்க்க செவ்வாய் மாதிரி ஆர்டர் குறைந்த வார நாளில் லீவு போடுவதுதான் புத்திசாலித்தனம்; ஞாயிற்றுக்கிழமை லீவு அவருக்குக் கட்டுப்படியாகாது.

சட்டம் இதில் எங்கே வருகிறது? 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஆப் கம்பெனிகள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தை நல நிதிக்குக் கொடுக்கச் சொல்கிறது. காப்பீடு, ஓய்வுக்கால உதவி போன்றவற்றுக்கு அது வழி. மேலே போட்ட கணக்கில் உள்ள 45 ரூபாயையோ பதினொரு மணி நேரத்தையோ அது தொடுவதில்லை.

அந்தக் கணக்கில் உங்களுக்கும் ஒரு வரி உண்டு. அபார்ட்மென்ட் கேட்டில் பதிவேடு, சர்வீஸ் லிஃப்டுக்குக் காத்திருப்பு, நீங்கள் போனை எடுக்காதது என்று ஓர் ஆர்டருக்கு 5 நிமிடம் கூடினால், டின்னர் நேரத்து ஒன்பது ஆர்டருக்கு 45 நிமிடம். ஏறக்குறைய இரண்டு ஆர்டர். அவர் அன்று 20-ல் நின்றுவிடுவார்.