நஷ்டத்துக்கு ஏது வளர்ச்சி சதவீதம்?

காலாண்டு ரிசல்ட் வந்ததும் நம்ம கண் முதலில் போவது 'வளர்ச்சி %' கட்டத்துக்குத்தான். ஆனால், போன வருஷம் நஷ்டம் என்றால் அந்த எண்ணை அப்படியே நம்பிடாதீங்க.

ஜொமேட்டோவை எடுத்துக்கலாம். 2022 ஏப்ரல்-ஜூனில் 186 கோடி ரூபாய் நஷ்டம். அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 2 கோடி லாபம். வளர்ச்சி எவ்வளவு? வித்தியாசத்தைப் பழைய எண்ணால் வகுக்கணும். 188-ஐ மைனஸ் 186-ஆல் வகுத்தால், மைனஸ் 101%! லாபத்துக்கு வந்த கம்பெனி, சரிந்ததுபோலத் தெரிகிறது. அதுவே நஷ்டம் 372 கோடி ஆகியிருந்தால், விடை பிளஸ் 100%. இரட்டிப்பான நஷ்டம் 'வளர்ச்சி' ஆகிவிடும்.

சரி, மைனஸ் குறியை நீக்கிட்டு வகுத்தால்? 101% வளர்ச்சி. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், 1 கோடி நஷ்டத்திலிருந்து 2 கோடி லாபத்துக்கு வந்த கம்பெனிக்கு இதே கணக்கு 300% தரும். 188 கோடி முன்னேற்றத்தைவிட 3 கோடி முன்னேற்றம் பெரிதா? பழைய எண் பூஜ்யம் என்றாலோ, வகுக்கவே முடியாது.

அதனால்தான் பல அறிக்கைகளில் அந்தக் கட்டத்தில் 'NM' என்று இருக்கும். 'அர்த்தமில்லை' என்பதன் சுருக்கம் அது. செய்தி எழுதுகிறவர்களும் இங்கே சதவீதத்தை விட்டுடணும். '186 கோடி நஷ்டத்திலிருந்து 2 கோடி லாபம்' என்றாலே எல்லாம் புரிந்துவிடுமே!