ஹலோவைக் கூண்டில ஏத்த முதல்

வருசத்தில ரெண்டு தரமாவது அந்த வட்ஸ்அப் செய்தி எனக்கு வந்து சேரும். தொலைபேசியைக் கண்டுபிடிச்ச கிரகம் பெல்லின்ர காதலி பேர் மார்கரட் ஹலோவாம். அவர் முதல் அழைப்பை அவவுக்குத்தான் எடுத்தாராம். அதால உலகமே இண்டைக்கும் அவவின்ர பேரைச் சொல்லுதாம். கீழ ரோசாப்பூ ஒண்டு. அதை அனுப்பிற அதே சித்தப்பா தைப்பொங்கலுக்கு இன்னொண்டும் அனுப்புவார்: “ஹலோ எண்ட அந்நியச் சொல்லை விடுவோம், வணக்கம் எண்டு தமிழில் தொடங்குவோம்.”

ரெண்டும் பிழை. முதலாவது வெறும் பொய். ரெண்டாவதுதான் எனக்குக் கோவம் வாற பிழை, ஏனெண்டா எங்கட வீடுகளில ஆர் ஆரை எப்பிடிக் கூப்பிட்டவை எண்டதை அது மறைக்குது.

பொய்யை முதலில முடிச்சிடுவம். பெல் 1877 ஜூலையில கலியாணம் கட்டினது மேபல் ஹபர்ட் எண்ட பெண்ணை. சின்ன வயசில வந்த காய்ச்சலோட அவவுக்குக் காது கேக்காமப் போயிட்டுது. பெல்லின்ர வாழ்க்கைத் துணைக்குத் தொலைபேசியில ஒரு சொல்லும் கேட்டிருக்காது. இன்னொண்டு, பெல் கடைசி வரைக்கும் “ஹலோ” எண்ட சொல்லை ஏற்கேல்லை. அவர் விரும்பினது “அஹோய்”. கடலில ஒரு கப்பல்காரர் மற்றக் கப்பலைப் பாத்துப் போடுற கூப்பாடு அது.

அப்ப ஹலோ எங்க இருந்து வந்தது? இதுக்கு 1877இன் தொலைபேசி எப்பிடி இருந்தது எண்டு தெரிஞ்சிருக்க வேணும். அப்ப எக்ஸ்சேஞ்ச் இல்லை, இலக்கம் இல்லை, மணியும் இல்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில ஒரு கம்பி, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பெட்டி. கம்பி எந்த நேரமும் திறந்தபடிதான் கிடக்கும். இங்க இருந்து கதைச்சா அங்க பெட்டிக்குள்ள சத்தம் வரும். ஆனா அந்த நேரம் அங்க ஆரும் பெட்டிக்குக் கிட்ட நிண்டாத்தானே? மற்றப் பக்கத்து ஆளைக் கருவிக்கு வரவைக்கிறது எப்பிடி? பெல்லின்ர உதவியாளர் வொட்சன் ஆரம்பத்தில பென்சிலால தகட்டில தட்டிப் பாத்தார். தகடு பழுதாகும் எண்ட பயத்தில பெட்டிக்குள்ள ஒரு சின்னச் சுத்தியல் வைச்சார். மணி வைப்பமோ எண்ட கதையும் நடந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்திலதான், 1877 ஓகஸ்ட் 15ஆந் திகதி, தோமஸ் எடிசன் பிற்ஸ்பேர்க்கில இருந்த ஒரு தந்திக் கொம்பனியின்ர தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: கூப்பிட மணி ஒண்டும் தேவைப்படாது, “ஹலோ” எண்டு கத்தினா 10 தொடக்கம் 20 அடி தூரத்துக்குக் கேக்கும். இந்தக் கடிதம் நியூயோர்க்கில ஒரு தொலைபேசிக் கொம்பனியின்ர ஆவணங்களுக்க கிடந்து, நூறு வருசத்துக்குப் பிறகு அலன் கோனிக்ஸ்பேர்க் எண்ட ஆய்வாளரிட்ட அம்பிட்டது.

கடிதத்தை ஆறுதலா யோசிச்சுப் பாருங்கோ. எடிசன் அங்க வாழ்த்தைப் பற்றிக் கதைக்கேல்லை. எத்தினை அடிக்குச் சத்தம் கேக்கும் எண்டுதான் கதைக்கிறார். அவரைப் பொறுத்தவரை ஹலோ எண்டது மணிக்குப் பதிலா வைக்கிற ஒரு சத்தம். ஆங்கிலத்திலயும் அதுக்கு முதல் அந்தச் சொல் வரவேற்பா இருக்கேல்லை. அதின்ர உறவுக்காரச் சொல்லுகள் வேட்டை நாயை ஏவவும், அக்கரையில நிக்கிற தோணிக்காரனைக் கூப்பிடவும், திடீரெண்டு எதையாவது கண்டு திகைக்கவும் புழங்கினவை. மரியாதையான ஒரு ஆளைப் பாத்துச் சொல்லுற சொல் இல்லை.

கடைசியில எடிசன் சொன்னது பிழைச்சுப் போச்சு. அடுத்த வருசமே கைபிடியைச் சுத்தினா அடிக்கிற மணி வந்திட்டுது. நியாயப்படி ஹலோவுக்கு அதோட வேலை முடிஞ்சிருக்க வேணும். ஆனா 1878 ஜனவரியில கனெக்ரிகட்டின் நியூ ஹேவனில முதலாவது வணிக எக்ஸ்சேஞ்ச் திறந்த பிறகு புதுச் சிக்கல் ஒண்டு வந்தது. இப்ப ஒரு கம்பியில ரெண்டு பேர் இல்லை, கன பேர். மணி அடிக்குது, எடுக்கிறீங்கள், மற்றப் பக்கம் ஆர் எண்டு தெரியாது. அந்த ஊர்த் தொலைபேசிப் புத்தகம் அதே வருசம் பாவனையாளருக்கு வழி சொல்லிக் குடுத்தது: “ஹலோவா” எண்டு தொடங்குங்கோ, முடிக்கேக்க “அவ்வளவுதான்” எண்டு சொல்லுங்கோ. தொடங்கிற சொல் உலகம் சுத்தினது. முடிக்கிற சொல்லை ஆரும் சீண்டேல்லை.

சரி, ஹலோ எதைத் தள்ளிச்சுது? அமெரிக்காவிலயும் இங்கிலாந்திலயும் அது தள்ளினது “குட் மோர்னிங்”, “ஹவ் டு யூ டு” மாதிரியான சொல்லுகளை மட்டும் இல்லை, அதுகளுக்குப் பின்னால நிண்ட முறையையும்தான். அந்தக் காலத்துக் கனவான் ஒருத்தர் அறிமுகமில்லாத ஆளோட சும்மா கதை தொடங்க ஏலாது. நடுவில ஒருத்தர் அறிமுகப்படுத்த வேணும். எதிரில நிக்கிறவரின்ர தகுதியைப் பாத்துத்தான் தொப்பியைத் தூக்கிறதா, தலையை மட்டும் ஆட்டிறதா எண்டு முடிவெடுப்பார். தொலைபேசியில தொப்பியும் தெரியாது, தகுதியும் தெரியாது. முதலாளியோ வேலைக்காரியோ, எடுத்த உடன சொல்லக்கூடிய ஒரு சொல் தேவைப்பட்டுது. ஆரெண்டு தெரியாமலே சொல்லக்கூடிய சொல் ஹலோ ஒண்டுதான். அதாலதான் மேட்டுக்குடிக்கு அதில எரிச்சல். 1910 வாக்கில தொலைபேசிக் கொம்பனிகளே ஆக்களுக்குப் புத்தி சொல்லிச்சினம்: ஒரு வீட்டு வாசலில போய் நிண்டு “ஹலோ, ஆர் கதைக்கிறது” எண்டு கத்துவீங்களோ, பேரைச் சொல்லித் தொடங்குங்கோ எண்டு. ஆரும் கேக்கேல்லை.

எல்லா ஊரும் ஹலோவுக்குப் பின்னால போகவுமில்லை. இத்தாலிக்காரர் “ப்ரொன்தோ”, அதாவது “தயார்”, எண்டு எடுப்பினம். யப்பான்காரர் “மோஷி மோஷி” எண்டுவினம், “சொல்லுறன், சொல்லுறன்” எண்ட மாதிரி. எங்கயும் அந்த இடத்துக்கு வந்தது வாழ்த்து இல்லை. “நான் நிக்கிறன், கேக்குதோ?” எண்டதுதான்.

இனி எங்கட கதைக்கு வருவம். ஹலோ வணக்கத்தைக் கொண்டுபோட்டுது எண்டு அழுகிறவையிட்ட ஒரு கேள்வி: உங்கட அம்மம்மா பக்கத்து வீட்டுக்காரிக்கு எந்தக் காலத்தில “வணக்கம்” சொன்னவ? எங்கட வீட்டில சொல்லி நான் கேட்டதேயில்லை. வணக்கம் பழஞ்சொல்தான். ஆனா அது கும்பிடுறதுக்கும் பணியிறதுக்கும் உரிய சொல். இருபதாம் நூற்றாண்டில, “நமஸ்கார”த்துக்குப் பதில் தமிழ்ச் சொல் வேணும் எண்ட அரசியலோட அது மேடைக்கும் வகுப்பறைக்கும் வானொலிக்கும் வந்தது. நல்ல அரசியல்தான், நான் எதிர்க்கேல்லை. ஆனா ஹலோவுக்கும் வணக்கத்துக்கும் வயசு வித்தியாசம் பெரிசில்லை.

படலையடியில நாங்கள் சொன்னது வேற. “ஆக்கள் நிக்கிறியளோ?” உள்ளுக்க இருந்து, “ஆரது?” பிறகு “வாங்கோ, இருங்கோ. என்ன மாதிரி, சுகமே?” தெருவில எண்டா “எங்க வெளிக்கிட்டாச்சு?” வடிவான சொல்லுகள். எனக்கும் விருப்பமானவை. ஆனா அந்த “ஆரது”க்கு வாற பதிலைப் பொறுத்துத்தான் மிச்சம் எல்லாம். ஒருத்தருக்கு “வாங்கோ”, ஒருத்தருக்கு “வா”, ஒருத்தருக்கு “உங்கயே நில்”. ஒடுக்கப்பட்ட சாதியில பிறந்த கிழவர் படலைக்கு வெளியில நிண்டு “நயினார்” எண்டு கூப்பிட வேணும். உள்ளுக்க இருந்து பத்து வயசுப் பொடியன் அவரைப் பேர் சொல்லி “என்னடா” எண்டு கேப்பான். இதுவும் எங்கட பழைய முகமன்தான். “தொலைந்துபோன தமிழ் வரவேற்பு” எண்டு கட்டுரை எழுதிறவை இந்தப் பாதியை மட்டும் ஏன் மறந்துபோகினம்?

போன் இதை ஒரு செக்கன் குழப்பிச்சுது. மணி அடிச்சு, எடுத்து, “ஹலோ” எண்டு சொல்லிற அந்த ஒரு செக்கனில அங்கால நிக்கிறவர் ஆரெண்டு தெரியாது. “வா”வும் சொல்ல ஏலாது, “வாங்கோ”வும் சொல்ல ஏலாது. ஒரு செக்கன்தான். அடுத்த வசனம் “ஆர் கதைக்கிறது? எந்த இடம்? ஆற்ற மகன்?” எண்டு வந்திடும். சாதியை ஹலோ ஒழிக்கேல்லை, எனக்கு அந்த மயக்கம் இல்லை. ஆனா எல்லாரையும் ஒரே மாதிரிக் கூப்பிடுற ஒரு சொல் எங்கட வாயில அதுக்கு முதல் இருந்ததோ எண்டு நேர்மையா யோசிச்சுப் பாருங்கோ.

அம்மம்மா கனடாவில இருக்கிற மாமாவோட கொமியூனிகேசன் கடையில நிண்டு கதைச்சது எனக்கு நல்லா நினைவு. ஒரு கோலில பத்துப் பதினைஞ்சு தரம் “ஹலோ” சொல்லுவா. “ஹலோ... ஹலோ... மோனே கேக்குதோ?” லைனில குரல் பிந்தி வரும், ரெண்டு பேரும் ஒண்டாக் கதைப்பினம், பிறகு ரெண்டு பேரும் நிப்பாட்டுவினம், திரும்ப “ஹலோ”. அவ ஆங்கிலத்தில வாழ்த்துச் சொல்லேல்லை. கம்பியின்ர அந்தப் பக்கம் பிள்ளை நிக்கிறானோ எண்டு தட்டிப் பாத்தவ. எடிசன் எதுக்குச் சொன்னாரோ அதுக்குத்தான் அவவும் சொன்னவ. குரல் கேட்ட பிறகு வந்தது என்ன? “சுகமா இருக்கிறியோ, சாப்பிட்டியோ?” பழைய சொல் எங்கயும் போகேல்லை. ஹலோ அதுக்குப் படலை திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்ப உங்கட போனை எடுத்துப் பாருங்கோ. நண்பன் எடுத்தா “சொல்லு மச்சான்”. அம்மா எடுத்தா “ஓம் அம்மா”. அதிபர் எடுத்தா “சேர், சொல்லுங்கோ”. ஹலோ எங்க? தெரியாத இலக்கத்துக்கு மட்டும்தான். ஸ்கிரீனில பேர் விழத் தொடங்கின நாளோட “ஆரது?” எண்ட கேள்விக்கு மறுமொழி முன்னுக்கே வருது. எடுக்க முதலே குரலை உயர்த்திறதா, தாழ்த்திறதா, எடுக்காமலே விடுறதா எண்டு முடிவெடுத்திடுறம். படலைக்கு உள்ளுக்க நிண்டு எட்டிப் பாக்கிற பழக்கம் திரும்பி வந்திட்டுது.

ஆகவே சித்தப்பா, ஹலோவைத் துரத்த நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை, அது தானாவே போய்க்கொண்டிருக்கு. போன பிறகு அந்த இடத்துக்கு வணக்கம் வரப்போறதில்லை. ஆளுக்கேத்த குரல்தான் வரும். அடுத்த முறை தெரியாத இலக்கம் ஒண்டு அடிச்சா எடுத்து “ஹலோ” சொல்லுங்கோ. அங்கால நிக்கிறவர் ஆரெண்டு தெரிஞ்ச பிறகும் அதே குரலில கதைக்க ஏலுமோ எண்டு பாருங்கோ.