தமிழ்ப் பெயரை அகர வரிசையில் அடுக்க முடியாதாம்!



நம் ஆமத்தூர்ப் பழைய மாணவர் பட்டியலைப் பார்த்தேன். அருணுக்கு மேலே கண்ணனும் முருகனும் நிற்கிறார்கள். கேட்டால், "கம்ப்யூட்டருக்குத் தமிழ் வரிசை தெரியாது சார், எல்லாத்தையும் இங்கிலீஷ்லயே அடிச்சிடலாம்" என்று பதில் வருகிறது. இதை நான் ஏற்க மாட்டேன்.

பெயர்களை அடித்தது பாமினி எழுத்துருவில். அது தமிழே இல்லை, தமிழ் வேஷம் கட்டிய ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், உள்ளே இருப்பது இதுதான்:

```
கண்ணன்   fz;zd;
முருகன்   KUfd;
அருண்    mUz;
```

எஃப், கே, எம் என்று கணினி சரியாகத்தான் அடுக்கியிருக்கிறது. அதே பட்டியலைப் பாமினி இல்லாத போனில் திறந்தால் இந்தக் கிறுக்கல்தான் தெரியும். அதே கட்டத்தில் ஆங்கிலத்தில் குமார் என்று அடித்தாலோ, அது தமிழெழுத்துக் குப்பையாகிவிடும். 2010-லேயே தமிழக அரசு யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் பாமினியைக் கட்டி அழுவது ஏன்?

யுனிகோடிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கவில்லை. இந்திய மொழிகளுக்கான பொது அமைப்பைப் பின்பற்றியதால், அதில் 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள். நாம் படித்த வரிசையில் 'ன' பதினெட்டாவது மெய். அதனால் எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் அனிதா முதலில் வருவாள், அமுதா பின்னால் போவாள். இந்த இரண்டு பெயரை அடித்துப் பார்த்தாலே உங்கள் செயலியின் லட்சணம் தெரிந்துவிடும். இதற்கும் வழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் Data > Sort போய், Options பக்கத்தில் Language என்ற இடத்தில் Tamil என்று தேர்ந்தெடுங்கள். அமுதா முன்னால் வந்துவிடுவாள்.

மிச்சக் குழப்பம் நம் கைவேலை. ஒருவர் "சு. முருகன்" என்கிறார், இன்னொருவர் "S. முருகன்" என்கிறார். ஆங்கில இனிஷியல்காரர்கள் எல்லாரும் கூட்டமாக மேலே ஏறிக்கொள்கிறார்கள், தமிழ் இனிஷியல்காரர்கள் கீழே கிடக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரு நாளாவது இப்படி எழுதியிருப்பேனா? பெயரை நேராக நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டுகிறவர்களும் உண்டு. அந்தக் காலி இடமும் ஓர் எழுத்துதான். அதையும் எண்ணி அடுக்கும் செயலியில் அந்தப் பெயர்தான் முதல் பெஞ்ச். நேராக நிறுத்துவதற்கென்றே மேலே பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தக் கூடாதா?

ஆகவே, பட்டியலை இங்கிலீஷுக்கு மாற்ற வேண்டாம். பெயர் யுனிகோடில் ஒரு கட்டம், இனிஷியல் தமிழில் தனிக் கட்டம், ஆங்கிலப் பெயர் வேண்டுமானால் மூன்றாவது கட்டம். வரிசைப்படுத்துவது பெயர்க் கட்டத்தை வைத்து மட்டும். பாமினியில் இருப்பதை யுனிகோடாக மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆங்கிலத்தில் அடித்த பெயர்களையும் மாற்றி தமிழாக்கக் கிளம்பி, அது உளறி வைத்திருக்கும்.