7,200 ரூபாவும் 12 நாட்களும்: பங்கு வாங்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு



கொஞ்சம் நீளமான பதிவு இது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து கொழும்புப் பங்குச் சந்தையில் போடத் தொடங்கியிருக்கும் ஆசிரியர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எங்களுக்குத் தெரிந்தவர்களில் பலர் இப்போது சீ.டி.எஸ். கணக்குத் திறந்துவிட்டார்கள். வட்டிக்கு வைப்புச் செய்ய விருப்பமில்லாதவர்கள் இதில் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறார்கள். அது நல்ல எண்ணம்தான். அதைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு ஒன்றில் இருக்கிறது. எங்களோடு படிப்பிக்கும் ஒருவருக்குப் பங்கு ஆலோசனை சொன்னவர் ஒரு தாளை நீட்டினார். அதில் 'உங்கள் இடர்நேர்வுப் பெறுமதி ரூபா 7,200' என்று இருந்தது. "ஒரு நாளில் இதற்கு மேல் நட்டம் வராது சேர்" என்றும் வாயால் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை நம்பி, மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுப்படும் ஒரு கடனை எடுத்து, அவர் மேலும் பங்கு வாங்கினார். அந்த எண் பொய்யில்லை. அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் பிழை. அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பார்ப்போம். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் வேல்யூ அட் ரிஸ்க் என்கிற இந்தக் கணக்கை ஓ.எல். பிள்ளையும் செய்யலாம்.

உதாரணத்துக்கு, கையில் 3 இலட்சம் ரூபா பங்கு இருக்கிறது என்று வையுங்கள். 1,50,000 ஒரு வங்கிப் பங்கில், 60,000 ஒரு ஹோட்டல் பங்கில், 90,000 ஒரு தோட்டக் கம்பனிப் பங்கில். மூன்றினதும் கடந்த 251 வர்த்தக நாட்களின் முடிவு விலையை எடுத்தால், முந்தைய நாளோடு ஒப்பிட்ட 250 மாற்றங்கள் கிடைக்கும். அவற்றை எக்செல் தாளில் B, C, D நிரல்களில் போடுங்கள். பிறகு E நிரலில் இதை எழுதுங்கள்:

```
=150000*B2+60000*C2+90000*D2
```

இதன் பொருள் இதுதான்: அந்தப் பழைய நாள் நாளைக்குத் திரும்பி வந்தால், இன்று என் கையில் உள்ள பங்குகளுக்கு என்ன நடக்கும்? ஒரு நாள் வங்கி 2 சதவீதம் இறங்கி, ஹோட்டல் 3 சதவீதம் இறங்கி, தோட்டம் 1 சதவீதம் ஏறியிருந்தால், 3,000 நட்டம், 1,800 நட்டம், 900 இலாபம். கூட்டினால் 3,900 ரூபா நட்டம். இப்படி 250 நாளுக்கும் 250 விடைகள் வரும். E நிரலை மட்டும் அல்லாமல், B முதல் E வரை முழு வரிகளையும் சேர்த்து, E நிரலின்படி கூடிய நட்டம் மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். மேலிருந்து 13ஆவது விடை E14இல் இருக்கும். எங்கள் உதாரணத்தில் அது 7,200 ரூபா நட்டம் என்று வைப்போம். அதுதான் 95 சதவீத இடர்நேர்வுப் பெறுமதி.

இப்போது வகுப்பறைக்கு வாருங்கள். 250 பிள்ளைகளின் புள்ளிகளைக் கீழிருந்து மேலாக அடுக்கி, 13ஆவது பிள்ளையின் புள்ளி 38 என்று அதிபரிடம் சொல்கிறோம். அவருக்கு அடியில் இருக்கும் 12 பிள்ளைகள் 35 எடுத்தார்களா, பூச்சியம் எடுத்தார்களா? அந்த 38 அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாது. அதைப்போல, 7,200 என்பது நட்டத்தின் கூரை அல்ல. மோசமான நாட்கள் தொடங்கும் வாசல்படி. 'வருடத்தில் சுமார் 12 நாட்கள் இதைவிடக் கூடுதலாக நட்டப்படுவீர்கள்' என்பதுதான் அதன் சரியான வாசிப்பு. எவ்வளவு கூடுதலாக என்று அது சொல்லவில்லை.

எவ்வளவு கூடுதலாக வரலாம் என்று 2022 எங்களுக்குக் காட்டியது. அந்த வருடம் ஜனவரியில் கொழும்பின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டி 13,000ஐத் தாண்டி நின்றது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. புத்தாண்டு விடுமுறை முடிந்து சந்தை திறக்கும் என்று இருந்தபோது, 18 முதல் 22 வரை அதை மூடி வைக்கும்படி பிணைகள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழு பணித்தது. 25ஆம் திகதி திறந்தார்கள். அன்றைக்கே சுட்டி 12 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. வர்த்தகத்தை இடையில் நிறுத்த வேண்டி வந்தது.

எங்கள் உதாரணத்து 3 இலட்சம் சந்தையோடு சேர்ந்து விழுந்திருந்தால், அந்த ஒரு நாளில் 36,000 ரூபாவுக்கு மேல் போயிருக்கும். தாளில் இருந்த எண்ணின் ஐந்து மடங்கு. மூன்று துறையில் பிரித்துப் போட்டதும் அன்றைக்குப் பெரிதாகக் கைகொடுத்திருக்காது. சாதாரண நாளில் ஹோட்டல் இறங்கத் தோட்டம் ஏறலாம். பயம் வந்த நாளில் எல்லோருக்கும் காசு தேவை, எதை விற்க முடியுமோ அதை விற்பார்கள், எல்லாம் ஒன்றாக இறங்கும். பழைய 250 நாட்களில் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்த பங்குகள் அன்றைக்குக் கையை விட்டுவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 'ஒரு நாள் நட்டம்' என்று கணக்குப் போடும்போது, அடுத்த நாள் விற்று வெளியேறலாம் என்ற எண்ணம் அதற்குள் மறைந்து கிடக்கிறது. அந்த ஏப்ரலில், விடுமுறையோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஒரு பங்கையும் விற்க முடியவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்னர், கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 20 முதல் மே 11 வரை சந்தை மூடியே கிடந்தது. திறந்த அன்றும் எஸ் அண்ட் பி எஸ்.எல்.20 சுட்டி 10 சதவீதத்துக்கு மேல் விழுந்ததால் அன்றைய வர்த்தகத்தை அத்தோடு முடித்தார்கள். மூடிய நாளுக்கு விலை இல்லை, ஆகவே எங்கள் எக்செல் தாளில் அந்த நாட்களுக்கு வரியே இல்லை. கடன் தவணைக்கு மட்டும் ஒரு நாளும் விடுமுறை இல்லை.

இனி, எங்களைப் பொறுத்தவரை ஆகப் பெரிய குருட்டுப் புள்ளி எது என்று சொல்கிறோம். அது பங்கில் இல்லை, ரூபாவில் இருந்தது. உம்றாவுக்கென்று ஒருவர் 5 இலட்சம் ரூபா சேர்த்து வைத்திருந்தார் என்று வையுங்கள். 2021 செப்டெம்பர் முதல் 2022 மார்ச் ஆரம்பம் வரை டொலரின் உத்தியோகபூர்வ விலை 200, 203 ரூபா அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்தது. சவூதி ரியால் டொலருக்கு 3.75 என்று கட்டப்பட்டது. ஆக, அந்த ஆறு மாத விலையை மட்டும் எடுத்து இதே கணக்கைப் போட்டால், இடர்நேர்வுப் பெறுமதி ஏறத்தாழப் பூச்சியம் என்று வரும். அதைவிடப் பாதுகாப்பான சேமிப்பு இல்லை என்று எக்செல் சொல்லும்.

மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே நடுப்பகுதியில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போனது. மார்ச் ஆரம்பத்தில் 9,200 ரியாலுக்கு மேல் பெறுமதியான அந்த 5 இலட்சம், இரண்டரை மாதத்தில் ஏறக்குறைய 5,200 ரியால் ஆனது. ஒரு ரூபா கூடத் தொலையவில்லை, பயணம் மட்டும் தொலைந்தது.

விலை அசையவில்லை என்றால் இடர் இல்லை என்று பொருளில்லை. யாரோ அழுத்திப் பிடித்திருக்கலாம். அதற்கான அடையாளம் தாளில் வராது, தெருவில் வரும். வங்கியில் 203 என்று போர்டு இருக்கும், ஆனால் கேட்டால் டொலர் இல்லை என்பார்கள். வெளியில் அதைவிடக் கூடக் கொடுத்து வாங்குவார்கள். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் டீசலுக்கும் வரிசை நீளும். அந்த வரிசைகளில் நாங்கள் எல்லோரும் நின்றோம். நின்றுகொண்டே, ரூபா நிலையாக இருக்கிறது என்றும் நினைத்தோம்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2018 டிசம்பரில் ஒரே இரவு மழையில் இரணைமடு நிரம்பி, வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீட்டுக்குள் வெள்ளம் வந்தது என்று தெரியும். கடந்த ஒரு வருடத்தில் 100இல் 95 நாள் பெய்த மழையை அளந்து குளக்கட்டின் உயரத்தைத் தீர்மானிக்க எந்த நீர்ப்பாசனப் பொறியியலாளரும் சம்மதிக்க மாட்டார். எங்கள் சேமிப்புக்கு மட்டும் ஏன் சம்மதிக்கிறோம்?

ஆகவே இந்தக் கணக்கே வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. சாதாரண நாட்களில் பங்கு எவ்வளவு ஆடும் என்று தெரிந்துகொள்ள இது நல்ல கருவி. 5,000 ரூபா இறங்கினால் பதறி விற்கும் பழக்கத்தை இது நிறுத்தும். ஆனால் எவ்வளவு போடலாம், கடன் எடுக்கலாமா என்ற கேள்விகளுக்கு இது விடை அல்ல. உலக வங்கிகளுக்கு விதி வகுக்கும் பாசல் குழுவே 2016இல், சந்தை இடருக்கான மூலதனத்தைக் கணக்கிட இந்த அளவை விட்டு, வாசல்படிக்கு அப்பால் உள்ள நட்டங்களின் சராசரிக்கு மாறத் தீர்மானித்தது. அதை எங்கள் தாளிலும் ஒரு வரியில் எடுக்கலாம். வரிசைப்படுத்திய பின் மேலே உள்ள 12 நாட்களின் சராசரி:

```
=AVERAGE(E2:E13)
```

இதுவும் 250 நாளுக்குள் நடந்ததை மட்டுமே அறியும். அதனால் தாளை நம்பும் முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஒன்று, எத்தனை நாட்களில் மாற்றம் சரியாகப் பூச்சியம்? எங்கள் சந்தையில் சில பங்குகள் நாட்கணக்கில் கைமாறுவதில்லை. பூச்சியங்கள் நிறைந்தால் எண் பொய்யாகச் சிறுக்கும். இரண்டு, ஒரே நாளில் விலை பாதியானதாகக் காட்டினால் அது பங்குப் பிரிப்பாக இருக்கலாம், திருத்துங்கள். மூன்று, உங்கள் 250 நாளுக்குள் ஒரு வீழ்ச்சி நாளாவது இருக்கிறதா? 2022 ஏப்ரல் 25 ஒரு வருடக் கணக்கிலிருந்து எப்போதோ விழுந்துவிட்டது. அப்படி ஒரு நாள் கழன்றதும் இடர்நேர்வுப் பெறுமதி குறையும். நாடு பத்திரமானதால் அது குறைவதில்லை, தாள் மறந்ததால் குறைகிறது.

மறந்த நாளைக் கையால் எழுதிச் சேர்க்கலாம். எங்கள் உதாரணத்துக்கு அது இப்படி வரும்: ஒரு நாளில் 12 சதவீதம், 36,000 ரூபா. ஜனவரியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை சுட்டி 13,000இலிருந்து 7,000 அளவுக்கு வந்ததுபோல் வந்தால், 3 இலட்சம் சுமார் 1,60,000 ஆகும். அத்தோடு, சந்தை ஏழு வாரம் பூட்டு. இந்த மூன்றும் நடந்த பின்னும் வீட்டுச் செலவும் கடன் தவணையும் பிள்ளையின் படிப்பும் ஓடுமா? ஓடும் என்றால் அந்தத் தொகை சரி. ஓடாது என்றால், தாளில் 7,200 என்று இருந்தாலும் 720 என்று இருந்தாலும் அந்தத் தொகை கூட.

எங்கள் நண்பர் இன்னும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நண்பரின் அனுமதியோடுதான் இதை எழுதினோம். உங்களிடம் யாராவது ஒரு எண்ணைக் காட்டி 'இதற்கு மேல் போகாது' என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மற்ற 12 நாளும் எப்படி சேர்?"

பிழை இருந்தால் கருத்துப் பகுதியில் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்வோம். எக்செல் தாள் வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.