முடி நடவுக்குப் பின் உதிர்வு: அஞ்ச வேண்டிய நாள்களும் அஞ்ச வேண்டாத நாள்களும்

தலைமுடி மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள் எங்கள் தோல் நோய்ப் பிரிவுக்கு வருவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்திற்கும் இரண்டாம் மாதத்திற்கும் இடையில்தான். உதிர்ந்த முடியைக் காகிதத்தில் பொதிந்து எடுத்து வருபவர்களும் உண்டு. நட்டதெல்லாம் விழுந்துவிட்டது, செலவழித்த பணம் வீணாயிற்று என்பதே அவர்கள் முறையீடு. அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் தலையில் நட்ட வேர்கள் பத்திரமாகவே இருக்கின்றன. ஆனால் இதே நபர்களிடம் முதல் வாரத்தில் தலையை எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டால், பலர் கழுவவே இல்லை என்பார்கள். சிலர் மூன்றாம் நாளே தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டியிருப்பார்கள். அச்சம் வரவேண்டிய நாள்களில் வருவதில்லை. வரவேண்டாத நாள்களில் வந்து ஆட்டிப் படைக்கிறது. சிகிச்சைக்கு முன்பே இதை நோயாளிக்கு விளங்கும்படி சொல்லாததுதான் இந்தக் குழப்பத்திற்குக் காரணம் என்பது என் கருத்து.

முதலில், உதிர்வது எது என்பதைப் பார்ப்போம். பின்தலையிலிருந்து எடுத்து முன்தலையில் நடப்படும் சிறு திசுத்துண்டைக் கிராஃப்ட் என்கிறோம். அதில் ஒன்று முதல் நான்கு முடிகளும் அவற்றின் மயிர்க்கால்களும் இருக்கும். பின்தலை மயிர்க்கால் எங்கு நடப்பட்டாலும் தன் பழைய இயல்போடு வளரும் என்று நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-இல் எழுதினார். இன்றைய முடி நடவு முழுவதும் அந்த உண்மையின்மீதே நிற்கிறது. ஆயினும் இடம் மாறும்போது மயிர்க்கால் சில மணி நேரம் இரத்த ஓட்டம் இன்றி இருக்க நேர்கிறது. அந்த அதிர்ச்சியில் அது வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுநிலைக்குச் செல்கிறது. ஓய்வுக்குச் சென்ற மயிர்க்கால் தான் தாங்கியிருந்த முடியைக் கைவிட்டுவிடும். இதுவே ஷாக் லாஸ் எனப்படும் அதிர்ச்சி உதிர்வு. இலை உதிர்த்த மரம் பட்டுப்போனதாகாது என்பதைப் போன்றதே இது. ஏறத்தாழ மூன்று மாத ஓய்வுக்குப் பின் அதே மயிர்க்கால் புதிய முடியை விடத் தொடங்கும்.

இதில் இரண்டாவது வகை ஒன்றும் உண்டு. நட்ட முடிகளுக்கு இடையே முன்பே இருந்த சொந்த முடியும் சில வாரங்களில் கொட்டலாம். அருகில் ஊசியும் கத்தியும் பட்ட அதிர்ச்சியே அதற்கும் காரணம். நன்கு தடித்த முடியாக இருந்தால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களில் திரும்பிவிடும். வழுக்கையின் போக்கில் ஏற்கெனவே மெலிந்து, ஆயுள் முடியும் நிலையில் இருந்த முடி திரும்பாமலும் போகலாம். இந்த இழப்பைக் குறைக்க மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு போன்ற மருந்துகளை மருத்துவர் சிலருக்கு முன்கூட்டியே தொடங்குவதுண்டு. அவற்றை எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அப்படியானால் வேர் உண்மையில் பறிபோகக்கூடிய காலம் எது? இதற்குத் தெளிவான விடை உண்டு. அமெரிக்க மருத்துவர்கள் பெர்ன்ஸ்டைனும் ராஸ்மனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நட்ட முடியை ஒவ்வொரு நாளும் இழுத்துப் பார்த்தனர். முதல் இரண்டு நாள்களில் முடியை இழுத்தால் வேரோடு வந்தது. ஆறாம் நாளில் முடியை இழுத்தும் வேர் அசையவில்லை. ஆனால் காய்ந்த பொருக்கு ஒட்டியிருந்தால், ஐந்தாம் நாள் வரை அதைப் பிய்ப்பது வேரையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒன்பதாம் நாளுக்குப் பின் எதனாலும் வேர் பெயரவில்லை. ஆக, காக்க வேண்டிய நாள்கள் ஏறத்தாழ பத்து. இந்த ஆய்வு இன்னொன்றையும் உணர்த்துகிறது: வேருக்குப் பகை, கழுவும் நீர் அன்று, நீர் படாமல் காய்ந்து இறுகும் பொருக்குதான். பொருக்கே உருவாகாமல் மென்மையாகக் கழுவுவது வேரைக் காப்பதாகும்.

கழுவும் முறை இது. முதல் இரண்டு, மூன்று நாள்கள் மருத்துவர் தந்த சலைன் தெளிப்பானால் விழித்திருக்கும் நேரத்தில் அவ்வப்போது நட்ட இடத்தை ஈரமாக வைத்திருங்கள். முதல் கழுவல் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள். சரியான நாளை உங்கள் அறுவை மருத்துவர் சொல்வார். மென்மையான ஷாம்பூவை ஒரு கிண்ணத்தில் நீரோடு கலக்கி நுரையாக்கிக்கொள்ளுங்கள். அந்த நுரையை உள்ளங்கையால் நட்ட இடத்தின்மேல் ஒற்றி வைத்துச் சில நிமிடங்கள் விடுங்கள். விரலால் தேய்க்கவோ நகம் படவோ கூடாது. பின், வெதுவெதுப்பான நீரைக் குவளையில் எடுத்துத் தலைக்கு மிக அருகிலிருந்து மெல்ல ஊற்றுங்கள். ஷவரின் வேகமான நீர் முதல் பத்து நாள்கள் வேண்டாம். முடி எடுத்த பின்தலையை விரல் நுனியால் இலேசாகத் தேய்த்துக் கழுவலாம். துண்டால் ஒற்றவும் செய்யலாம். நட்ட இடம் தானே காற்றில் உலரட்டும். சூடான காற்றுக் கருவி வேண்டாம். நாள்தோறும் ஒருமுறை இவ்வாறு செய்யுங்கள். எட்டாம் நாள் முதல் நுரையை ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிட்டு, விரல் நுனிச் சதையால் மெல்ல வட்டமாகத் தேய்க்கத் தொடங்கலாம். பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் பொருக்கு முழுவதும் நீங்கிவிட வேண்டும்.

நம் பகுதியின் தண்ணீரைப் பற்றி இங்கே ஒரு சொல். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துப் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாகவே வருகிறது. உப்பு நீரால் மட்டும் வேர் கெட்டுவிடாது. ஆனால் அதில் நுரை எழும்புவதில்லை. நுரைக்காக ஷாம்பூவை அதிகமாக ஊற்றி அழுத்தித் தேய்க்கிறோம், அதுவே தீங்கு. முதல் பத்து நாள்களுக்கு மட்டும் கேன் தண்ணீரையோ காய்ச்சி ஆறவைத்த நன்னீரையோ பயன்படுத்துங்கள். ஒரு கழுவலுக்கு மூன்று, நான்கு லிட்டர் போதும்.

வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தோல் பதனிடும் கூடத்திலும் காலணி ஆலையிலும் வேலை செய்வோர் வியர்வை, தோல் தூசி, இரசாயன ஆவி ஆகியவற்றுக்கு நடுவே நிற்கிறார்கள். தோலை மெருகூட்டும் பஃபிங் பிரிவில் தூசி மிகுதி. அத்தகையோர் குறைந்தது இரண்டு வாரம் விடுப்பு எடுத்த பிறகே நடவுக்குச் செல்வது நல்லது. தலைக்கவசம் வேர்களை உரசும். ஆகவே இரண்டு வாரம் பேருந்தில் செல்லுங்கள். தலைக்கவசம் இன்றி வண்டி ஓட்டுவது ஒருபோதும் மாற்றாகாது. தொழுகையில் நெற்றி தரையில் படிவதும் குனிவதும் முன்தலையை உரசச் செய்யும், வீக்கத்தையும் கூட்டும். நோயுற்றவர் அமர்ந்தபடி தொழுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு என்பதால், ஆலிமைக் கேட்டு முதல் பத்து நாள்கள் அவ்வாறு செய்யலாம். முதல் நான்கைந்து இரவுகள் தலையணைகளை அடுக்கித் தலையைச் சற்று உயர்த்தி, மல்லாந்து படுப்பதும் அவசியம்.

இனி ஓர் எடுத்துக்காட்டுடன் நாள்காட்டியைப் பார்ப்போம். ஆம்பூரில் காலணி ஆலையில் பணியாற்றும் முப்பது வயதினர் ஒருவர், முன்தலையில் 2000 கிராஃப்ட் நட்டுக்கொண்டதாகக் கொள்வோம். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி இமை வரை இறங்கலாம். ஒரு வாரத்தில் வடிந்துவிடும். பன்னிரண்டாம் நாள் பொருக்கு நீங்கி, நட்ட முடி குட்டையாக நிமிர்ந்து நிற்கும், எல்லோரும் மகிழ்வார்கள். இருபதாம் நாளில் உதிரத் தொடங்கும். ஆறாம் வாரத்தில் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டியிருக்கும். அருகிலிருந்த சொந்த முடியும் சிறிது போயிருப்பதால், இரண்டாம், மூன்றாம் மாதத்தில் தலை சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தெரியும். நான்காம் மாதத்தில் பூனைமுடி போல மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். ஆறாம் மாதத்தில் ஏறத்தாழப் பாதி விளைவு தெரியும். பன்னிரண்டாம் மாதத்திற்குப் பிறகே பலனை மதிப்பிட வேண்டும். உச்சந்தலையில் நட்டவர்கள் இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். பத்தாம் வாரத்தில் மனம் உடைந்து, மறு நடவுக்கோ விலையுயர்ந்த ஊசிகளுக்கோ பணம் கட்டுவோர் பலர். தானாக வரவிருக்கும் முடிக்குத்தான் அவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

வேர் பறிபோனதா, முடி மட்டும் உதிர்ந்ததா என்பதை வீட்டிலேயே பெரும்பாலும் அறியலாம். முதல் வாரத்தில் பறிபோகும் கிராஃப்ட்டின் நுனியில் மென்மையான சதைத்துணுக்கு இருக்கும். அது இருந்த குழியில் இரத்தம் கசியும். அப்போது தூய பஞ்சுத்துணியால் சில நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். விழுந்ததை மீண்டும் செருக முயலாதீர்கள். மூன்றாம் வாரத்தில் உதிரும் முடியில் சதை இராது, இரத்தமும் வராது. நுனியில் சிறு வெள்ளைக் குமிழ் மட்டும் காணப்படலாம். அதற்காக மருத்துவமனைக்கு ஓடி வர வேண்டியதில்லை. ஆனால் நாளுக்கு நாள் கூடும் வலி, பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல், தோல் கறுத்துப்போதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே வர வேண்டும்.

இவ்வளவையும் நோயாளி அறிய வேண்டியது உதிர்வு தொடங்கிய பிறகு அன்று, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பு. முடி நடவு ஓர் அறுவை சிகிச்சை; அழகு நிலையச் சேவை அன்று. 2016-இல் சென்னையில் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இச்சிகிச்சையைத் தொடர்ந்து உயிரிழந்ததை நம் பகுதியினர் பலர் நினைவில் வைத்திருப்பர். தகுதி பெற்ற மருத்துவரே இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வலியுறுத்தியது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நடப்போகும் மருத்துவர் யார்? பத்தாம் நாள் என் தலையைப் பார்க்கப்போவது யார்? ஆறாம் வாரத்தில் உதிரும் என்பதை எழுதித் தருவீர்களா? ‘எங்களிடம் உதிராது’ என்று ஓரிடத்தில் சொன்னால், அவர்கள் மயிர்க்காலின் இயல்பை அறியாதவர்கள், அல்லது அறிந்தும் மறைப்பவர்கள். அந்த இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

உடனிருந்து கவனிக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். முதல் பத்து நாள்கள் கழுவுவதற்கு நீங்கள் நீர் ஊற்றி உதவுங்கள். கண்ணாடி பார்த்துத் தானே ஊற்றுவதைவிட அது பாதுகாப்பானது. சிகிச்சைக்கு முன்பும், பின்பு மாதம் ஒருமுறையும், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்றாம் மாதம் தலையைப் பார்த்து எதுவும் சொல்லாதீர்கள். பன்னிரண்டாம் மாதப் படத்தை முதல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் பேசுங்கள்.